கடை பில்லிங் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே திறக்கலாம்... ஆனால் எந்த லாகினில்?

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் அன்று அமலுக்கு வந்தன. தலைக்கு வைக்கும் எண்ணெய், ஷாம்பு, டூத்பேஸ்ட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5. காலையில் ஷட்டர் தூக்கியதும் போடும் முதல் பில்லிலேயே புதிய வரி வந்தாக வேண்டும். ஆனால் ஞாயிறு இரவு கடைசி பில் வரைக்கும் பழைய வரிதான். அதாவது, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய வேலை அது.

இப்படி ஒரு இரவு வரும்போதுதான் பல கடைக்காரர்களுக்கு ‘வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறக்க முடியுமா?’ என்ற கேள்வி வருகிறது. முடியும். சாஃப்ட்வேர் டீலரைக் கூப்பிட்டால் பத்தே நிமிடத்தில் எனிடெஸ்க் போட்டுக்கொடுத்துவிடுவார். போனில் ஒரு எண், ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அந்த எண்ணையும் பாஸ்வேர்டையும் வைத்து உள்ளே வருபவர் யாராக உள்ளே வருகிறார்? உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ கடை வைத்திருந்தால் இதை செட் பண்ணித் தரப்போவது பெரும்பாலும் நீங்கள்தான் என்பதால், கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

நான்கு பேர், ஒரே லாகின்

மாதிரிக்கு ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரே பில்லிங் கம்ப்யூட்டர், அதில் டேலி பிரைம். பகலில் கவுன்ட்டரில் ஒரு பெண், மாலையில் ஒரு பையன். மாதம் இரண்டு முறை கணக்கு எழுதுபவர் வருவார்: ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய 11-ஆம் தேதிக்கு முன், 3பி-க்காக 20-ஆம் தேதிக்கு முன். இரவில் முதலாளி வீட்டிலிருந்து பார்ப்பார். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று கடைக்காரர் போட்டுக்கொடுத்த ஒரே ஒரு விண்டோஸ் லாகின்தான் எல்லோருக்கும். அது அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின். பாஸ்வேர்டு, கடையின் போன் நம்பர்.

ஒருநாள் காலையில் பார்த்தால், முந்தைய இரவு 10:40-க்கு மூன்று பில்கள் கேன்சல் ஆகியிருக்கின்றன. யார் செய்தது? மாலை ஷிப்ட் பையன் 9:30-க்கே கிளம்பிவிட்டான். ஆனால் பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியும், போனில் ஆப் இருந்தாலும் இருக்கலாம். கணக்கு எழுதுபவருக்கும் தெரியும். டீலர் ஆபீசில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று டீலருக்கே தெரியாது. கம்ப்யூட்டரில் பதிவாகியிருப்பதெல்லாம் ஒரே பெயர்தான். இந்த இடத்தில் சந்தேகம் வழக்கமாக யார் மேல் விழும் என்று சொல்லவே வேண்டாம்: சம்பளம் குறைவாக வாங்குபவர் மேல்.

எனவே, ‘குறைந்த உரிமை லாகின்’ என்பது வேலையாட்களை நம்பாத முதலாளிக்கான ஏற்பாடு மட்டுமல்ல. தப்பு செய்யாதவர், தான் செய்யவில்லை என்று காட்டுவதற்கும் அதுதான் வழி.

உரிமை குறைந்தால் என்ன குறையும்?

விண்டோஸில் லாகின்கள் அடிப்படையில் இரண்டு வகை. அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் புது சாஃப்ட்வேர் போடலாம், ஆன்டிவைரஸை நிறுத்தலாம், மற்றவர் பாஸ்வேர்டை மாற்றலாம், பதிவேடுகளை அழிக்கலாம். ஸ்டாண்டர்டு யூசர் என்றால் இருக்கும் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். பில் போட, பிரின்ட் எடுக்க, டேலியில் வரி விகிதம் மாற்ற, இதில் எதற்குமே பொதுவாக அட்மின் உரிமை தேவைப்படாது.

எனிடெஸ்க் மாதிரி ஸ்கிரீன் பகிரும் ஆப்களில் இது இன்னும் முக்கியம். காரணம், வெளியிலிருந்து வருபவருக்கு அங்கே தனி லாகின் கிடையாது. கம்ப்யூட்டரில் அப்போது யார் லாகின் செய்திருக்கிறாரோ, அவருடைய ஸ்கிரீனை அப்படியே எடுத்துக்கொள்கிறார். கவுன்ட்டரில் அட்மின் லாகின் திறந்திருந்தால், போனில் வந்தவரும் அட்மின். எனிடெஸ்க் பாஸ்வேர்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்த உண்மை மாறாது. தவிர, ஆப்பையே முழுசாக நம்பி உட்காரவும் முடியாது. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சிஸ்டங்களுக்குள் ஊடுருவல் நடந்ததை வெளியே சொல்லி, தன் வெப் போர்ட்டல் பாஸ்வேர்டுகளை எல்லாம் ரத்து செய்தது.

அப்போ முதல் வேலை, ஒரு லாகினை மூன்றாகப் பிரிப்பது. கவுன்ட்டருக்கு ஒன்று, வீட்டிலிருந்து வரும் முதலாளிக்கு ஒன்று, இரண்டுமே ஸ்டாண்டர்டு. மூன்றாவது, அட்மின். சாஃப்ட்வேர் போடவும் அப்டேட் செய்யவும் மட்டும், அதுவும் கடையில் நேரில் உட்கார்ந்து. ஆமாம், முதலாளியே வீட்டிலிருந்து வரும்போது ஸ்டாண்டர்டு யூசராகத்தான் வர வேண்டும். ‘என் கடை, என் கம்ப்யூட்டர், எனக்கே உரிமை கம்மியா?’ என்று அப்பா கேட்பார். வீட்டிலிருந்து திறக்கும் கதவை வேறு யாராவது திறந்துவிட்டால், அவருக்கும் அந்தக் கம்மியான உரிமைதான் கிடைக்கும் என்பதுதான் பதில்.

செட் பண்ணுவது எப்படி?

விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளியிலிருந்து வருபவருக்குத் தனி லாகின் உண்டு என்பதால், நமக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அது ப்ரோ பதிப்பில் மட்டும்தான் இந்த வேலையைச் செய்யும். இங்கே விற்கும் பல கம்ப்யூட்டர்களில் ஹோம் பதிப்புதான் இருக்கும். ஹோமிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகலாம், ஆனால் ஹோமுக்குள் யாரும் வர முடியாது. எனவே கடைக் கம்ப்யூட்டர் எது என்று `Settings > System > About` பக்கத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10 என்று இருந்தால் இன்னொரு விஷயம்: அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து வழி திறப்பது நல்லதல்ல.

ப்ரோ என்றால், அட்மின் லாகினில் நுழைந்து, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து இந்த இரண்டு வரி போதும். `veedu` என்பது வீட்டிலிருந்து வருவதற்கான லாகினுக்கு நாம் வைக்கும் பெயர்.

```
net user veedu * /add
net localgroup "Remote Desktop Users" veedu /add
```

முதல் வரி புது லாகினை உருவாக்கி பாஸ்வேர்டு கேட்கும். தனியாக எதுவும் சொல்லாதவரை அது ஸ்டாண்டர்டு யூசர்தான். இரண்டாவது வரி, அந்த லாகினுக்கு வெளியிலிருந்து வரும் அனுமதியைத் தருகிறது. பாஸ்வேர்டை வெறுமனே விட்டால் விண்டோஸ் வெளியிலிருந்து விடாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போடும் நான்கு இலக்க பின்னும் இங்கே செல்லாது, முழு பாஸ்வேர்டுதான். பிறகு `Settings > System > Remote Desktop` பகுதியில் ஸ்விட்சைப் போட வேண்டும்.

இதோடு முடிந்தது என்று பலரும் எழுந்துவிடுவார்கள். ஆனால் ஒரு ஓட்டை அப்படியே இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்ததுமே, அந்தக் கம்ப்யூட்டரின் அட்மின் லாகின்கள் எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து வரும் உரிமை தானாகவே இருக்கும். நீங்கள் யாரையும் சேர்க்கவே வேண்டாம். அதாவது, `veedu` என்று ஒரு சின்னக் கதவு வைத்தீர்கள். பக்கத்திலேயே பெரிய கேட்டும் திறந்தே கிடக்கிறது.

அதை மூட, `secpol.msc` என்று டைப் செய்து திறந்து, `Local Policies` கீழே `User Rights Assignment` போங்கள். அதில் `Allow log on through Remote Desktop Services` என்ற வரியைத் திறந்தால் இரண்டு பெயர்கள் இருக்கும். `Administrators` என்பதை நீக்கிவிட்டு, `Remote Desktop Users` மட்டும் இருக்கட்டும். பிறகு வீட்டிலிருந்து அட்மின் பெயரில் நுழைய முயன்று பாருங்கள். சரியான பாஸ்வேர்டு போட்டும் உள்ளே விடவில்லை என்றால் வேலை சரியாக முடிந்திருக்கிறது.

டேலிக்குள்ளும் இதே பிரிவினை வேண்டும். விண்டோஸ் லாகின் கம்ப்யூட்டரைத்தான் காக்கும், பில்லுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. டேலி பிரைமில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் போட்டு, அவர்களுக்கான ரோலில் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம், எத்தனை நாள் பின்தேதியிட்டு வவுச்சர் போடலாம் என்பதுவரை கட்டுப்படுத்தலாம். கவுன்ட்டர் யூசருக்கு வவுச்சர் போடும் உரிமை இருக்கட்டும். வரி விகிதத்தை மாற்றும் உரிமை வீட்டு யூசருக்கு மட்டும் போதும். கூடவே எடிட் லாக்கை ஆன் செய்துவிடுங்கள். யார், எப்போது, எந்த பில்லை மாற்றினார் என்று அது எழுதி வைக்கும். கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனங்களுக்கு இப்படியான மாற்றப் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனி முதலாளி நடத்தும் மளிகைக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அந்த மூன்று பில் விவகாரத்துக்கு விடை தரப்போவது அதுதான்.

எந்த வழியாக உள்ளே வருவது?

லாகின் தயார். வீட்டுக்கும் கடைக்கும் இடையே பாதை வேண்டும். இங்கேதான் சில டெக்னீஷியன்கள் சுருக்கு வழி எடுப்பார்கள்: பிராட்பேண்ட் நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி வாங்கி, கடை ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை நேராகக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவது. ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் அது. உலகம் முழுக்க அந்த எண்ணைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதம் வெளியான ‘புளூகீப்’ என்ற ஓட்டை நினைவிருக்கலாம். பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸ்களின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வர முடியும் என்ற நிலை. எப்போதோ ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பி-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது அப்டேட் விட்டது. அந்த மாதிரி ஓட்டைக்கு முன்னால், நாம் கஷ்டப்பட்டு செய்த லாகின் பிரிவினைக்கு மதிப்பே கிடையாது.

போர்ட்டைத் திறக்காமல், ஒரு விபிஎன் வழியாக வருவதுதான் சரி. டெயில்ஸ்கேல் மாதிரியான சேவையை கடைக் கம்ப்யூட்டரிலும் வீட்டு லேப்டாப்பிலும் போட்டு, கடையில் யாரும் லாகின் செய்யாதபோதும் ஓடும்படி அங்கே `Run unattended` அமைப்பை ஆன் செய்தால், இரண்டுக்கும் இடையே மட்டும் ஒரு தனிப்பாதை உருவாகிவிடும். ஸ்டேட்டிக் ஐபி தேவையில்லை, ரவுட்டரில் கை வைக்க வேண்டியதில்லை. வெளியாள் தட்டிப் பார்க்க அங்கே கதவே தெரியாது. அந்தச் சேவையின் லாகினுக்கு இரண்டடுக்கு சரிபார்ப்பு இருக்கட்டும். கடையின் சாவி இப்போது அதுதான்.

உங்கள் கடையில் ஏற்கெனவே யாராவது போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. `Event Viewer` திறந்து `Windows Logs > Security` பகுதியில் 4625 என்ற எண்ணை வடிகட்டிப் பாருங்கள். தோல்வியடைந்த லாகின் முயற்சிகள் அவை. முதலாளி பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தது என்று ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. `ADMINISTRATOR`, `TEST`, `USER1` என்று கடையில் இல்லாத பெயர்களில் நிமிடத்துக்கு நிமிடம் வரிசையாக வந்துகொண்டிருந்தால், கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது என்று பொருள். உடனே ரவுட்டரில் மூட வேண்டும்.

கவுன்ட்டர் நடுவில் நின்றுவிடும்!

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. விண்டோஸ் ப்ரோவில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். மாலை 6 மணிக்கு, கவுன்ட்டரில் எட்டு பேர் நிற்கும்போது, முதலாளி வீட்டிலிருந்து `veedu` லாகினில் நுழைந்தால், கவுன்ட்டர் ஸ்கிரீனில் ‘இன்னொருவர் வர விரும்புகிறார், விடலாமா?’ என்று கேட்கும். பையன் கவனிக்காமல் விட்டால் அரை நிமிடத்தில் அவன் ஸ்கிரீன் பூட்டிக்கொள்ளும். பாதி போட்ட பில் உள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கும். ஒரே நேரத்தில் பலர் நுழைய விண்டோஸ் சர்வரும் அதற்கான தனி லைசென்ஸும் வேண்டும். ப்ரோவிலேயே இதைச் செய்து தருகிறேன் என்று சிலர் ஒரு ஃபைலை மாற்றி வைப்பார்கள். லைசென்ஸ் விதிகளுக்கு அது எதிரானது, அடுத்த பெரிய அப்டேட்டில் நின்றும் போகலாம்.

எனவே ரிமோட் டெஸ்க்டாப் என்பது கடை மூடிய பிறகான வேலைக்கு. இரவு 9:30-க்குக் கிளம்பும்போது பையன் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல், டேலியை மூடி, விண்டோஸில் `Sign out` கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அவன் லாகினில் டேலி பின்னணியில் திறந்தே கிடக்கும். சில பில்லிங் சாஃப்ட்வேர்கள் அந்த நிலையில் இரண்டாவது முறை திறக்கவே மறுக்கும். கம்ப்யூட்டர் தூங்கிவிடாமல் ஸ்லீப் அமைப்பையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

பகலில் முதலாளிக்கு வேண்டியது பெரும்பாலும் ‘இன்னைக்கு எவ்வளவு ஆச்சு?’ என்ற ஒரே எண்தான். அதற்கு முழுக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொள்ள வேண்டாமே. டேலி பிரைமிலேயே ரிப்போர்ட்டை மட்டும் பிரவுசரில் பார்க்கும் வசதி இருக்கிறது. கடையில் டேலி திறந்திருக்க வேண்டும், நெட் இருக்க வேண்டும். மற்றபடி போனிலிருந்தே பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. இருப்பதிலேயே குறைந்த உரிமை அதுதான்.

சாஃப்ட்வேர் ‘அட்மின் கொடு’ என்று அடம்பிடித்தால்?

சில பழைய லோக்கல் பில்லிங் சாஃப்ட்வேர்கள் ஸ்டாண்டர்டு லாகினில் திறந்ததும் பிழை காட்டும். டீலர் உடனே ‘எல்லாரையும் அட்மின் ஆக்கிடுங்க’ என்பார். பெரும்பாலும் காரணம் எளிது: அந்த சாஃப்ட்வேர் தன் டேட்டாவைத் தன்னுடைய இன்ஸ்டால் போல்டருக்குள்ளேயே எழுதுகிறது, அங்கே எழுத ஸ்டாண்டர்டு யூசருக்கு அனுமதி இல்லை. அந்த ஒரு போல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். `C:\BillSoft` என்ற இடத்தில் உங்கள் போல்டர் பெயர் வரும்.

```
icacls "C:\BillSoft" /grant "Users:(OI)(CI)M"
```

இந்த வரி ஒரு விஷயத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. பில் போடுபவரால் டேட்டா ஃபைலில் எழுத முடிய வேண்டும். எழுத முடிந்தால் அழிக்கவும் முடியும். டேலியிலும் இதே கதைதான். எனவே `veedu` லாகினில் ஒரு ரான்சம்வேர் ஓடிவிட்டால், அட்மின் உரிமை இல்லாமலே பில் டேட்டா முழுவதையும் அதனால் பூட்டிவிட முடியும். குறைந்த உரிமை, டேட்டாவைக் காப்பாற்றாது. அது காப்பாற்றக்கூடியது பேக்கப்பை, அதுவும் சரியான இடத்தில் வைத்தால்.

வழக்கமாக பேக்கப் எங்கே இருக்கும்? அதே லாகினின் டெஸ்க்டாப்பில், இல்லையென்றால் எப்போதும் செருகியே இருக்கும் பென்டிரைவில். டேட்டா போனால் அதுவும் சேர்ந்து போகும். அதற்குப் பதிலாக, அட்மினுக்கு மட்டும் திறக்கும் ஒரு போல்டரை உருவாக்குங்கள்.

```
mkdir D:\Kaappu
icacls D:\Kaappu /inheritance:r /grant "Administrators:(OI)(CI)F"
```

பிறகு `Task Scheduler`-இல், தினமும் இரவு 11:30-க்கு டேட்டா போல்டரை அங்கே நகல் எடுக்கும் வேலையை அட்மின் லாகின் பெயரில், முழு உரிமையோடு ஓடும்படி போடுங்கள். ஒரே நகலின் மேல் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது. பூட்டப்பட்ட டேட்டா நல்ல நகலை அழித்துவிடும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு போல்டர்கள் இருக்கட்டும். கவுன்ட்டர் லாகினிலோ `veedu` லாகினிலோ நுழைந்து `D:\Kaappu` திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்பட வேண்டும். வாரம் ஒருமுறை அதன் நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கம்ப்யூட்டரே திருடு போனால் இந்த டிஸ்க்தான் மிச்சம்.

டீலர் மட்டும் பாக்கி. அவருக்கு வேலை இருக்கும்போது, கவுன்ட்டர் லாகினில், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ‘அக்சப்ட்’ கொடுத்து எனிடெஸ்கில் விடலாம். யாரும் இல்லாதபோதும் நுழைய உதவும் நிரந்தர பாஸ்வேர்டை அதன் செக்யூரிட்டி அமைப்பில் நீக்கிவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் போனில் சொல்லாமல், கடையில் இருப்பவர் கீபோர்டில் நேரடியாக அடித்துக்கொடுப்பது நல்லது.

இப்போது அந்த மூன்று பில்களுக்கு வருவோம். டேலியின் எடிட் லாக்கில், கேன்சல் செய்த யூசரின் பெயர் இருக்கும். கவுன்ட்டர் யூசரா, வீட்டு யூசரா என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அடுத்து `Event Viewer`-இல் 4624 என்ற எண்ணில் 10:40-ஐ ஒட்டிய பதிவுகளைப் பாருங்கள். `Logon Type` 10 என்றிருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்திருக்கிறார்; கீழே லாகின் பெயரும், எந்த முகவரியிலிருந்து என்பதும் இருக்கும். அந்த முகவரியை டெயில்ஸ்கேல் பட்டியலோடு ஒப்பிட்டால், எந்தச் சாதனம் என்று தெரிந்துவிடும். அது வீட்டு ஹாலில் இருக்கும் லேப்டாப் என்று வந்தால், மாலை ஷிப்ட் பையனைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன், அன்று இரவு அந்த லேப்டாப்பில் யார் உட்கார்ந்திருந்தார் என்று வீட்டில்தான் கேட்க வேண்டியிருக்கும்.